தொழிற்சான்றிதழ் பட்டப்படிப்பில் பாடமாகுமா?

பள்ளியை விட்டுப் போன மாணவர்கள் பல ஆண்டுகள் கழித்துத் தம் பழைய ஆசிரியரைத் தேடி வருவதுண்டு. திருமண அழைப்போடு வருவோரும் உளர்; பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க வருவோரும் உளர். அண்மைக்காலத்தில் வேறொரு கேள்வியோடும் சிலர் வருகின்றனர். "ஐயா, வேலை பார்த்துக்கொண்டே ஒரு தொழிற்தேர்வு எழுதித் தேறிவிட்டேன். இப்பொழுது பட்டப்படிப்பில் சேரப்போகிறேன். தேர்வுக்காகப் படித்ததையே அங்கும் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதை மறுபடியும் படிக்கத்தான் வேண்டுமா?" என்பதே அக்கேள்வி.

கேள்வி நியாயமானதே. வேலைக்குச் சென்றுகொண்டு, குடும்பத்தையும் காத்துக்கொண்டு படிப்பவருக்கு ஒரு பாடம் குறைவதென்றால், ஒரு பருவத்தின் மாலைப்பொழுதுகள் பலவும் அப்பாடத்தின் கட்டணமும் மிச்சமாகும். ஆயினும், சான்றிதழை நீட்டினால் விலக்குக் கிடைத்துவிடும் என்று நம்பிச் சென்று, ஏமாந்து திரும்புவோர் பலர். கிடைக்கக்கூடிய விலக்கைக் கேட்கத் தெரியாமல் விட்டுவிடுவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் வழிகாட்டும் நிலையில் ஆசிரியர்கள் இருப்பதால், மலேசியாவில் இம்முறை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இங்கே விளக்குவோம்.

கிரெடிட் என்பது யாது?

முதலில் அளவுகோலைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகப் பாடங்கள் கிரெடிட் என்னும் அலகால் அளக்கப்படுகின்றன. பாடநேரத்தை எண்ணிப் படிப்பை அளக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1905ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ கார்னகி என்னும் செல்வர் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவதற்கென ஓர் அறநிலையத்தைத் தோற்றுவித்தார். அவ்வோய்வூதியத்தில் பங்கு பெற விரும்பிய கல்லூரிகள், மாணவரைச் சேர்க்கும்பொழுது உயர்நிலைப்பள்ளிப் படிப்பை ஒரே அளவால் அளக்க வேண்டும் என அந்நிலையம் நிபந்தனை விதித்தது. ஓய்வூதியத்திற்காக வகுத்த நிபந்தனை, நாளடைவில் கல்வியை அளக்கும் கோலாகவே ஆகிவிட்டது.

மலேசியாவில் இக்கோலைப் பேணுவது 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலேசியத் தகுதி முகமையாகும். எம்.கியூ.ஏ. என்று சுருக்கி அழைக்கப்படுவது அதுவே. அதன் கணக்கின்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை கேட்பது, பயிற்சி வகுப்பு, ஆய்வுக்கூட வேலை, வீட்டிலிருந்து படிப்பது, தேர்வு எழுதுவது ஆகிய யாவும் இந்த 40 மணியில் அடங்கும். எனவே 3 கிரெடிட் உள்ள ஒரு பாடம் 120 மணி நேரக் கற்றலுக்குச் சமம். மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும்.

கிரெடிட் படிப்பின் பருமனைக் காட்டுகிறது. பருமன் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலையில் வைக்கப்பட்டுள்ளது. மூன்றாவதாக, ஒவ்வொரு பாடத்தையும் படித்து முடித்தவர் எதைச் செய்ய வல்லவராயிருக்க வேண்டும் என்று அப்பாடத்தின் தலைப்பிலேயே எழுதி வைக்கப்படுகிறது. இதைக் கற்றல் அடைவுகள் என்பர். பெரும்பாலும் ஒரு பாடத்திற்கு மூன்று அல்லது நான்கு அடைவுகள் இருக்கும்.

பருமன், நிலை, அடைவு ஆகிய இம்மூன்றும் பல்கலைக்கழகப் பாடத்திற்கு உண்டு. தொழிற்சான்றிதழில் இவை எழுதப்பட்டிருப்பதில்லை. 'இன்னார் இன்ன தேர்வில் தேறினார்' என்பதே அது கூறும் செய்தி. எத்தனை மணி நேரம் படித்தார், எந்த நிலையில் படித்தார் என்பன அதில் இல்லை. இவ்விடத்தில்தான் சிக்கல் முளைக்கிறது.

இரண்டு வாயில்கள்

முன்பு படித்ததற்கு மதிப்புக் கோருவோருக்கு இரண்டு வாயில்கள் உள. முதலாவது, கிரெடிட் மாற்றம். அங்கீகாரம் பெற்ற ஒரு கல்லூரியில் டிப்ளோமா படித்தவர் பட்டப்படிப்பில் சேரும்பொழுது, பழைய பாடத்தையும் புதிய பாடத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவர். உள்ளடக்கம் 80 விழுக்காடாவது ஒத்திருக்க வேண்டும்; பழைய பாடத்தில் குறைந்தது சி நிலை பெற்றிருக்க வேண்டும். இது கல்லூரிப் பாடத்திற்கும் கல்லூரிப் பாடத்திற்கும் இடையே நிகழ்வது. இரு பக்கத்திலும் கிரெடிட் இருப்பதால் ஒப்பீடு எளிது.

இரண்டாவது வாயில், அனுபவத்தால் பெற்ற கல்விக்கு மதிப்பளிக்கும் முறையாகும். ஏப்பல்-சி என்பது அதன் பெயர். பள்ளி, கல்லூரிகளுக்கு வெளியே, வேலையிலும் தொழிற்பயிற்சியிலும் தாமே படித்தும் பெற்ற அறிவை மதிப்பிட்டு, அதற்குக் கிரெடிட் வழங்குவதே அதன் நோக்கம். தொழிற்சான்றிதழ் வைத்திருப்போர் பெரும்பாலும் செல்ல வேண்டிய வாயில் இதுதான். தவறான வாயிலில் நின்று தட்டுவோர், "உங்கள் சான்றிதழில் கிரெடிட் இல்லையே" என்ற ஒற்றை வரி மறுமொழியோடு திரும்புகின்றனர். கதவு மூடியிருக்கிறது என்று எண்ணி அவர்கள் அத்துடன் விட்டுவிடுகின்றனர். அடுத்த கதவு இருப்பதை அவர்கள் அறியார்.

சில கல்லூரிகள் சில சான்றிதழ்களுக்கு முன்கூட்டியே பட்டியல் வகுத்து வைத்திருப்பதுண்டு. கணக்காளர் தேர்வுகளுக்கு இத்தகைய பட்டியல்களைக் காணலாம். அப்பட்டியலில் பெயர் இருந்தால் வேலை எளிது. ஆனால் பட்டியலுக்குப் பின்னாலும் நடந்திருப்பது இதே ஒப்பீடுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்யாமல் எல்லாருக்குமாக ஒருமுறை செய்து முடித்திருக்கின்றனர், அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டு

கிள்ளான் வட்டாரத்தில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணினி வலையமைப்புத் தொழில்நுட்பராகப் பணிபுரியும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு முகிலன் என்று பெயரிடுவோம். வயது 34. எட்டாண்டு அனுபவம். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. என்னும் தேர்வில் தேறியவர். இப்பொழுது கணினி அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறார். அப்படிப்பில் 'கணினி வலையமைப்பு' என்று 3 கிரெடிட் பாடம் ஒன்று உள்ளது. அதற்கு விலக்குப் பெற விரும்புகிறார்.

சி.சி.என்.ஏ. என்பது 120 நிமிடத் தேர்வு. அதன் பாடத்திட்டம் ஆறு பகுதிகளாக வெளியிடப்பட்டுள்ளது. வலையமைப்பின் அடிப்படைகளுக்கு 20 விழுக்காடு, வலையில் இணைவதற்கு 20, முகவரி வழி இணைப்புக்கு 25, முகவரிச் சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தானியங்கு முறைக்கு 10 என எடை வகுக்கப்பட்டுள்ளது. இப்பட்டியல் முகிலனுக்கு மிகவும் தேவை. சான்றிதழ் சொல்லாத செய்தியை இப்பட்டியல் சொல்லுகிறது.

மறுபக்கத்தில் பல்கலைக்கழகப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று அடைவுகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, வலையமைப்பின் அடுக்குகளையும் அவற்றின் நெறிமுறைகளையும் விளக்குதல். இரண்டாவது, ஒரு நிறுவனத்திற்கு முகவரித் திட்டம் வகுத்துச் சிறு வலையமைப்பை அமைத்தல். மூன்றாவது, வலையமைப்பின் செயல்திறனையும் பிழை காணும் முறைகளையும் கணக்கிட்டு ஆராய்தல்.

முதல் அடைவில் முகிலனுக்குத் தொல்லை இல்லை. தேர்வுக்காக இதைப் படித்திருக்கிறார். இரண்டாவது அவருக்குக் கைவந்த கலை. 192.168.10.0/24 என்ற முகவரித் தொகுதியை நான்கு பிரிவுகளுக்குச் சமமாகப் பங்கிடுக என்றால், மொத்தம் 256 முகவரிகள், நான்கில் ஒரு பங்கு 64, அதில் முதலும் கடைசியும் கணினிகளுக்கு வழங்கப்படா, ஆகவே ஒரு பிரிவுக்கு 62 கணினிகள் என்று எழுதுகோல் எடுக்காமலே கூறிவிடுவார். இதை ஆண்டுக்கணக்கில் செய்து வருபவர் அவர்.

மூன்றாவது அடைவில்தான் அவர் தடுமாறுகிறார். அத்தடுமாற்றத்தின் தன்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கைப்பழக்கமும் காரணமும்

மூன்றாம் அடைவைச் சோதிக்கும் வினா ஒன்று இப்படி இருக்கலாம். இரண்டு அலுவலகங்களுக்கு இடையே 2,000 கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழைக் கம்பி செல்கிறது. வேகம் வினாடிக்கு ஒரு கோடி பிட், அதாவது 10 மெகாபிட். 1,500 பைட் கொண்ட ஒரு தகவல் பொட்டலம் மறுமுனையை முழுமையாகச் சென்றடைய எவ்வளவு நேரம் ஆகும்? கம்பியின் வேகத்தைப் பத்து மடங்காக உயர்த்தினால் அந்நேரம் எவ்வளவு குறையும்?

கணக்கைச் செய்து பார்ப்போம். 1,500 பைட் என்பது 12,000 பிட். வினாடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் கம்பியில் அதை ஏற்றி முடிக்க 1.2 மில்லிவினாடி ஆகும். ஏற்றிய பின்னர் அது பயணம் செய்ய வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே 2,000 கிலோமீட்டரைக் கடக்க 10 மில்லிவினாடி வேண்டும். இரண்டையும் கூட்டினால் 11.2 மில்லிவினாடி. இப்பொழுது கம்பியின் வேகத்தைப் பத்து மடங்காக்குவோம். ஏற்றும் நேரம் 0.12 மில்லிவினாடியாகக் குறைகிறது. பயண நேரமோ அதே 10 மில்லிவினாடிதான். மொத்தம் 10.12. பத்து மடங்கு வேகத்திற்குப் பணம் கட்டியும், ஒரு பொட்டலத்தின் காத்திருப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே குறைந்திருக்கிறது!

முகிலன் தம் வேலையில் எத்தனையோ கம்பிகளை மாற்றியிருப்பார். மாற்றிய பின்னரும் தொலைவிலுள்ள அலுவலகத்தினர் சுணக்கம் என்று முறையிட்டதைக் கேட்டிருப்பார். ஆனால் அது ஏன் என்பதைக் கணக்காக எழுதிக் காட்டும்படி எவரும் அவரைக் கேட்டதில்லை. தொழிற்தேர்வும் அதைப் பெரிதாகக் கேட்பதில்லை. சாதனத்தை அமைக்கத் தெரிகிறதா, கோளாறு நேர்ந்தால் இடம் கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்பதே அதன் கவலை.

இன்னொன்றும் சொல்லலாம். வலையமைப்பில் குறுகிய வழியைத் தேர்ந்தெடுக்கும் ஓ.எஸ்.பி.எஃப். என்னும் நெறிமுறையை முகிலன் நன்கு அமைப்பார். அது காட்டும் அட்டவணையையும் படித்துப் பொருள் கூறுவார். அதன் உள்ளே இயங்குவது, ஹாலந்து நாட்டுக் கணினி அறிஞர் டைக்ஸ்டிரா 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு முறையாகும். பல்கலைக்கழகப் பாடம் அம்முறையைத் தாளில் படிப்படியாகச் செய்து காட்டச் சொல்லும். ஒன்று கருவியை ஆளும் திறன். மற்றொன்று கருவி இயங்கும் காரணத்தை அறியும் திறன். இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று மயங்குவதுதான் விலக்குக் கோருவோர் பலரின் தவறு. இதற்கு மறுபக்கமும் உண்டு: வகுப்பில் டைக்ஸ்டிரா முறையை அழகாக எழுதிய மாணவர், நள்ளிரவில் அறுந்த இணைப்பைச் சீர்செய்ய முகிலனைத்தான் தேட நேரும். எது உயர்ந்தது என்பதன்று வழக்கு. பாடம் எதைக் கேட்கிறது என்பதே வழக்கு.

சராசரி கைகொடுக்காது

ஏப்பல்-சி முறையில் மதிப்பீட்டுக்கு இரு வழிகள் உள. ஒன்று அறைகூவல் தேர்வு. அப்பாடத்தின் அடைவுகளைச் சோதிக்கும் வகையில் தயாரிக்கப்பட்ட தேர்வை எழுதுவது அது. மற்றொன்று சான்றுத்தொகுப்பு. தாம் கற்றதற்குரிய ஆதாரங்களைத் திரட்டிக் கோப்பாக அளிப்பது. எந்தப் பாடத்திற்கு எந்த வழி பொருந்தும் என்பதைக் கல்விநிலையத்தின் ஆலோசகரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும்.

எந்த வழியாயினும் ஒரு விதியை மறத்தலாகாது. ஒவ்வோர் அடைவிலும் தனித்தனியே குறைந்தது 50 விழுக்காடு எட்ட வேண்டும். முகிலனுக்கு முதல் அடைவில் 72, இரண்டாவதில் 90, மூன்றாவதில் 30 கிடைத்தன என்று கொள்வோம். சராசரி 64. வகுப்புத் தேர்வாக இருந்தால் தேறிவிட்டார் என்போம். இங்கே தேறவில்லை. 90 பெற்ற அடைவு 30 பெற்ற அடைவுக்குக் கடன் கொடுக்க இயலாது. கிரெடிட் என்பது பாடம் முழுவதற்கும் உரியது. முக்கால் பாடத்திற்கு முக்கால் கிரெடிட் என்று நறுக்கித் தருவதில்லை.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்னரே முகிலன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்து, முதற்பத்தியில் பாடத்தின் அடைவுகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். இரண்டாம் பத்தியில் அதற்கு நேரே தொழிற்தேர்வின் பாடத்திட்டத்தில் எப்பகுதி பொருந்துகிறது என்பதை எழுத வேண்டும். மூன்றாம் பத்தியில் தம் வேலையிலிருந்து காட்டக்கூடிய சான்றை எழுத வேண்டும். எந்த வரிசையில் இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் வெறுமையாக இருக்கின்றனவோ, அங்கேதான் ஓட்டை. முகிலனின் தாளில் மூன்றாம் அடைவுக்கு நேரே வெறுமை தெரியும். அதைக் கண்டவர் ஒரு மாதம் மாலைப்பொழுதில் அமர்ந்து காலக்கணக்கையும் பிழைகாணும் கணக்குகளையும் படித்துவிட்டுத் தேர்வுக்குச் செல்லலாம். 120 மணிக்குப் பதில் 30 மணி படிப்பது இலாபமே. ஓட்டையைக் காணாமல் செல்பவருக்கு அம்மணிகளும் வீண்; மதிப்பீட்டுக் கட்டணமும் வீண்.

சான்றுத்தொகுப்பில் வைக்க வேண்டியவை

சான்றுத்தொகுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் சான்றிதழின் நகலோடு நிறுத்திவிடுகின்றனர். மதிப்பிடுபவர் நான்கு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு கோப்பைப் புரட்டுகிறார். இச்சான்று இந்த அடைவுக்கு ஏற்றதா? போதுமானதா? இவருடையதுதானா? இன்னும் பழுதுபடாமல் இருக்கும் அறிவா?

முதற்கேள்விக்கு விடை, மேலே கூறிய மூன்று பத்தித் தாள். இரண்டாவதற்கு, வேலையில் வரைந்த வலையமைப்பு வரைபடம், முகவரித் திட்டம், கோளாறு கண்டு நீக்கிய குறிப்பேடு ஆகியவை உதவும். அவற்றை வெறுமனே அடுக்கிவிடாமல், ஒவ்வொன்றிலும் என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். 'எட்டாண்டு வேலை செய்தேன்' என்பது அனுபவம். 'இக்கோளாற்றிலிருந்து இதைக் கற்றேன், அதன்பின் திட்டத்தை இவ்வாறு மாற்றினேன்' என்பது கல்வி. கிரெடிட் வழங்கப்படுவது கல்விக்கே. பணியாற்றிய ஆண்டுகளுக்கு அன்று. மூன்றாவது கேள்விக்கு மேலதிகாரியின் கடிதம் வேண்டும். 'நல்லவர், உழைப்பாளி' என்ற நற்சான்று போதாது. இன்ன வேலையில் இன்ன பகுதியை இவரே செய்தார் என்று அது கூற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தின் வரைபடத்தையும் சாதன அமைப்புகளையும் அப்படியே நகலெடுத்து வைப்பது ஆபத்து. அவற்றில் கடவுச்சொற்களும் உள்முகவரிகளும் இருக்கும். நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்று, அவற்றை மறைத்த பின்னரே கோப்பில் சேர்த்தல் வேண்டும். தம் திறமையைக் காட்டப்போய், பாதுகாப்பு அறியாதவர் என்ற பெயரை வாங்கலாகாது.

நான்காவது கேள்வி காலத்தைப் பற்றியது. சி.சி.என்.ஏ. சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். அதற்குள் புதுப்பிக்க வேண்டும். அதனினும் முக்கியமான செய்தி, தேர்வின் பாடத்திட்டமே மாறிவிடுகிறது என்பதாகும். 2020 பிப்ரவரி 24ஆம் நாள் அத்தேர்வு புதிய உருவில் நடைமுறைக்கு வந்தது. தானியங்கு முறை என்ற தனிப்பகுதி அப்பொழுதுதான் அதில் அமைந்தது. அதற்கு முன்னர் தேறியவர் இன்றைய பாடத்திட்டத்தை இணைத்து அனுப்பினால், தாம் எழுதாத பகுதிக்கும் உரிமை கோருவதாக முடியும். தாம் எழுதிய ஆண்டின் பாடத்திட்டத்தையே இணைக்க வேண்டும்.

விலக்கு வேறு, கிரெடிட் வேறு

முகிலன் தேறிவிட்டார் என்று கொள்வோம். கையில் கடிதம் வருகிறது. அக்கடிதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'இப்பாடத்திலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது' என்றும் எழுதியிருக்கலாம். 'இப்பாடத்திற்கு 3 கிரெடிட் வழங்கப்படுகிறது' என்றும் எழுதியிருக்கலாம். இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல.

கிரெடிட் வழங்கப்பட்டால், 120இல் 3 கழிந்து, படிக்க வேண்டியவை 117 ஆகும். கிரெடிட் இன்றி வெறும் விலக்கு என்றால், அப்பாடத்தைப் படிக்க வேண்டியதில்லை; ஆனால் அந்த 3 கிரெடிட்டை வேறொரு பாடம் படித்து நிரப்ப வேண்டும். மொத்தம் 120 அப்படியே நிற்கும். தெரிந்ததையே திரும்பப் படிக்காமல் புதியதொன்றைப் படிப்பதால் அறிவுக்கு அதுவும் ஆதாயந்தான். ஆனால் காலமும் கட்டணமும் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டவருக்கு அது ஏமாற்றமே. ஏப்பல்-சி வழங்குவது கிரெடிட். வேறு பெயர்களில் கல்விநிலையங்கள் வழங்கும் சலுகைகளில்தான் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

வேறொரு நுட்பமும் உண்டு. வழங்கிய கிரெடிட் குறிப்பிட்ட பாடத்திற்குரியதா, பொதுவான விருப்பப்பாடக் கணக்கில் போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கட்டாயப்பாடமாகிய 'கணினி வலையமைப்பு' என்பதற்கு நேரே அது பதியப்படாவிட்டால், கிரெடிட்டும் கிடைத்து, பாடத்தையும் படிக்க வேண்டிய விந்தையான நிலை ஏற்படும். அடுத்த ஆண்டு வரும் 'வலையமைப்புப் பாதுகாப்பு' போன்ற பாடத்திற்கு இது முற்பாடமாக இருப்பின், அங்கே சேர்வதற்கும் தடை நேரலாம். எனவே கடிதத்தில் பாட எண் இருக்கிறதா என்று பார்ப்பது நன்று.

தேர்ச்சிப் புள்ளியும் பாதிக்கப்படும்

ஏப்பல்-சி வழியாகப் பெற்ற கிரெடிட்டுக்குத் தரநிலை எழுத்து இல்லை. பட்டத்திற்கு வேண்டிய மொத்தத்தில் அது சேரும். தேர்ச்சிப் புள்ளிச் சராசரியில் சேராது. இதன் விளைவை விண்ணப்பிக்கும்பொழுது எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முகிலன் ஒரு பருவத்தில் 15 கிரெடிட் படிக்கிறார் என்போம். வலையமைப்புப் பாடம் 3, மற்றவை 12. மற்றப் பாடங்களில் அவருடைய சராசரி 2.75. வலையமைப்பை வகுப்பில் படித்திருந்தால் அவருக்கு எளிதாக 4.00 கிடைத்திருக்கும். அப்பொழுது 12ஐ 2.75ஆல் பெருக்கிய 33உம், 3ஐ 4ஆல் பெருக்கிய 12உம் சேர்ந்து 45. அதை 15ஆல் வகுத்தால் 3.00. விலக்குப் பெற்றுவிட்டால் 33ஐ 12ஆல் வகுக்க வேண்டும், 2.75தான். உதவிச்சம்பளமோ மேற்படிப்போ 3.00 என்ற வரம்பை வைத்திருந்தால், தமக்கு மிக நன்றாகத் தெரிந்த பாடத்தையே விலக்கிக்கொண்டதால் முகிலன் வரம்புக்குக் கீழே நிற்கிறார். தெரிந்த பாடங்களை எல்லாம் விலக்கிய பிறகு எஞ்சுபவை கடினமான பாடங்களே அல்லவா? இதற்காக விலக்கே கேட்கக்கூடாது என்பதன்று. வேலையில் உயர்வுக்குப் பட்டம் மட்டும் தேவைப்படுபவர் தயங்காமல் கேட்கலாம். புள்ளி தேவைப்படுபவர் எண்ணிப் பார்த்துக் கேட்க வேண்டும்.

எல்லையும் காலமும்

எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் பட்டம் முழுவதையும் இவ்வழியே நிரப்பிவிட முடியாது. ஏப்பல்-சி வழிகாட்டி வகுத்த எல்லை, பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு. 120 கிரெடிட் பட்டத்தில் அது 36. அதாவது 3 கிரெடிட் பாடங்கள் பன்னிரண்டு. பட்டம் தன் பெயரால் வழங்கப்படுவதால், அதன் பெரும்பகுதி தன் கண்ணெதிரே படிக்கப்பட வேண்டும் என்று பல்கலைக்கழகம் விரும்புவது இயல்பே. இந்த எல்லைக்குள் எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதில் விண்ணப்பதாரரின் அறிவு வெளிப்படும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஏப்பல்-சிக்கு விண்ணப்பிப்பவர் அக்கல்விநிலையத்தில் மாணவராகச் சேர்ந்திருக்க வேண்டும். அந்நிலையமும் இம்முறையை நடத்த ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஆலோசகரைக் காணல், தன்மதிப்பீடு, தேர்வு அல்லது கோப்பு, பாட வல்லுநர் மதிப்பீடு, பல்கலைக்கழக மன்றத்தின் இசைவு என்று படிகள் பல. பருவம் தொடங்கிய பின்னர் விண்ணப்பித்தால், முடிவு வருமுன் பாடமே பாதி நடந்துவிடும். எந்தப் பருவத்தில் அப்பாடம் வருகிறது என்பதை அறிந்து, அதற்கு முந்திய பருவத்திலேயே தொடங்குவதுதான் முறை. சேர்வதற்கு முன்னரே, "இப்பாடத்தின் அடைவுகளைக் காட்ட முடியுமா? இதற்கு ஏப்பல்-சி நடத்துகிறீர்களா?" என்று அலுவலகத்தில் கேட்டு, மறுமொழியை எழுத்தில் வாங்கிக்கொள்வது அதனினும் நன்று. வாயால் சொன்ன வாக்குறுதியை நம்பிக் கட்டணம் கட்டியவர்கள் பின்னர் எவரிடம் முறையிடுவது?

பழைய மாணவர் ஒருவர் சான்றிதழோடு வந்து நின்றால், ஆசிரியர் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்தப் பாடத்திற்கு விலக்கு வேண்டும்? அதன் அடைவுகளைக் கொண்டுவந்தாயா?" என்பதே. அத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்து, மூன்று பத்திகளை ஒருமுறை நிரப்பிக் காட்டினால் போதும். எங்கே வெறுமை இருக்கிறது என்று அவரே கண்டுகொள்வார். அந்த இடத்தைப் படித்து நிரப்பிவிட்டுச் செல்பவருக்குக் கிரெடிட் சலுகையாகக் கிடைப்பதில்லை. கற்றதற்கு ஈடாகக் கிடைக்கிறது.